டேப்பில் பெருக்கல்: காப்பி, கம்பேர் துண்டுகளிலிருந்து முழு மெஷின் வரை

கேள்வி: டியூரிங் மெஷினில் பெருக்கலை காப்பி, கம்பேர் மாதிரி சப்ரூட்டீன்களை வைத்துக் கட்டலாம் என்கிறார்கள். ஆனால் அங்கே ஸ்டாக்கே கிடையாதே, ஒரு சப்ரூட்டீன் முடிந்ததும் எங்கே திரும்பிப் போவது என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? ஸ்டேட் ஸ்டேட்டாகக் காட்ட முடியுமா?

பதில்:

மெஷினுக்குத் தெரியாது. திரும்பிப் போகும் இடத்தை நீங்கள்தான் விதியிலேயே எழுதி வைக்க வேண்டும். டியூரிங் மெஷினில் சப்ரூட்டீன் என்பது தனிப் பெயர் வைத்த சில ஸ்டேட்களின் கூட்டம். அதில் ஒரு ஸ்டேட் நுழைவாயில். கடைசி விதி எந்த ஸ்டேட்டைக் காட்டுகிறதோ அதுதான் வெளிவாயில். 1936-இல் ஆலன் டியூரிங் எழுதிய கட்டுரையிலும் இதே முறைதான். தேடு, அழி, நகலெடு, ஒப்பிடு என்ற வேலைகளுக்கு அவர் வெற்று அட்டவணைகளை எழுதி, ‘முடிந்ததும் போக வேண்டிய ஸ்டேட்’ என்பதை ஒரு பாராமீட்டராக விட்டுவைத்தார். தேவைப்படும் இடத்தில் அதை நிரப்பினால் சாதாரண விதிகள் கிடைத்துவிடும். இன்றைய பேச்சில் சொன்னால் அது ஃபங்ஷன் கால் இல்லை, மேக்ரோ.

இதிலிருந்து ஒரு கட்டுப்பாடு வருகிறது. சப்ரூட்டீனுக்கும் அதைக் கூப்பிடுபவருக்கும் நடுவே ஒப்பந்தம் ஸ்டேட்டில் மட்டும் இருந்தால் போதாது. நுழையும்போது ஹெட் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, வெளியேறும்போது எங்கே நிற்கும், டேப்பில் எது மாறியிருக்கும், எது பழையபடியே இருக்கும் என்ற நான்கையும் எழுதிவைத்துக்கொண்டுதான் விதிகளைத் தொட வேண்டும். பெருக்கல் மெஷின் கட்டும்போது வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றை மறந்ததால் வருபவை.

எண்களை ஒற்றைக் குறி முறையில் எழுதுவோம்: 3 என்றால் `111`, பூஜ்யம் என்றால் எதுவுமே இல்லை. 2 × 3 என்ற கணக்கு டேப்பில் `11#111=` என்று இருக்கும். விடை `=` குறிக்கு வலப்பக்கம் சேர வேண்டும். நடுவில் பெருக்கல் குறியாக `*` போடாமல் `#` போட்டதற்குக் காரணம், சில சிமுலேட்டர்களில் `*` என்றால் ‘எந்தக் குறியாக இருந்தாலும்’ என்று அர்த்தம். அங்கே அது தேவையில்லாத குழப்பம். கீழே ஒவ்வொரு வரியும் ஒரு விதி: இப்போதைய ஸ்டேட், படிக்கும் குறி, எழுதும் குறி, நகரும் பக்கம் (`l` இடம், `r` வலம்), அடுத்த ஸ்டேட். `_` என்பது வெற்றுக் கட்டம்.

முதலில் காப்பி. ஒப்பந்தம் இது: நுழையும்போது ஹெட் `#` குறிக்கு அடுத்த கட்டத்தில் நிற்கும். வெளியேறும்போது `#` குறிக்கு இடப்பக்கக் கட்டத்தில் நிற்கும். நடுத் தொகுதி பழையபடியே இருக்கும். அதில் எத்தனை 1 உண்டோ அத்தனை 1 டேப்பின் வலக்கோடியில் கூடியிருக்கும்.

```
c0 1 Y r c1
c0 = = l c3
c1 1 1 r c1
c1 = = r c1
c1 _ 1 l c2
c2 1 1 l c2
c2 = = l c2
c2 Y Y r c0
c3 Y 1 l c3
c3 # # l q2
```

`c0` ஒரு 1-ஐ Y என்று குறித்துவிட்டுக் கிளம்புகிறது. `c1` வலப்பக்கம் ஓடி முதல் வெற்றுக் கட்டத்தில் ஒரு 1 எழுதுகிறது. `c2` இடப்பக்கம் திரும்பி வந்து, முதலில் கண்ணில் படும் Y-க்கு அடுத்த கட்டத்தில் மறுபடி `c0` ஆகிறது. எல்லாம் முடிந்து `c0` கையில் `=` அகப்பட்டால், `c3` எல்லா Y-யையும் 1 ஆக மாற்றிக்கொண்டே `#` வரை வந்து வெளியேறுகிறது.

இதில் `c1` ‘முதல் வெற்றுக் கட்டம்’ வரை போவதைக் கவனியுங்கள். `=` குறிக்குப் பின்னால் ஏற்கெனவே மூன்று 1 இருந்தால், புது நகல் அதன் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் கூட்டலுக்கென்று தனி சப்ரூட்டீன் வேண்டியதில்லை. பெருக்கல் என்பது நடுத் தொகுதியை, இடத் தொகுதியில் உள்ள 1-களின் எண்ணிக்கை அளவுக்கு, திரும்பத் திரும்ப நகலெடுப்பதுதான். இதற்கு மறுபக்கமும் உண்டு: பழைய கணக்கின் விடையை அழிக்காமல் மெஷினை மறுபடி ஓட்டினால் புது விடையும் அதன் மேலேயே சேரும். 2 × 3 என்பதற்கு 12 வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

அடுத்தது மேல்நிலை மெஷின். இதற்கு நான்கு ஸ்டேட் போதும்.

```
q0 1 X r q1
q0 # # l q3
q1 1 1 r q1
q1 # # r c0
q2 1 1 l q2
q2 X X r q0
q3 X 1 l q3
q3 _ _ r halt
```

`q0` இடத் தொகுதியில் ஒரு 1-ஐ X என்று குறித்து ‘ஒரு சுற்று’ என்று கணக்கு வைக்கிறது. `q1` காப்பியின் வாசல் வரை ஹெட்டைக் கொண்டுபோய் விடுகிறது. காப்பி முடிந்து `q2` எழுந்ததும் இடப்பக்கம் போய் X-ஐத் தேடி, அடுத்த 1-க்குப் போகிறது. 1 தீர்ந்து `#` வந்தால் `q3` எல்லா X-ஐயும் பழையபடி 1 ஆக்கிவிட்டு நிறுத்துகிறது.

2 × 3 ஓடும்போது முக்கியமான தருணங்களில் டேப் இப்படி இருக்கும்:

```
11#111=
X1#Y11=1
X1#YYY=111
X1#111=111
XX#YYY=111111
XX#111=111111
11#111=111111
```

இதற்கு ஆகும் நகர்வுகள் மொத்தம் 94. முதல் முறை காப்பி ஓட 32, இரண்டாம் முறை 50, மேல்நிலை ஸ்டேட்கள் இரண்டு சுற்றுக்கும் சேர்த்து 8, கடைசி சுத்தம் 4. இரண்டாம் காப்பிக்கு ஏன் கூடுதல் என்றால், விடையில் ஏற்கெனவே மூன்று 1 உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு நகலுக்கும் அவற்றைத் தாண்டிப் போய்வர வேண்டும். முதல் சுற்றில் ஒரு 1-ஐ நகலெடுக்க 9 நகர்வு, இரண்டாம் சுற்றில் 15. ஒரே சுற்றுக்குள் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் சேர்ந்தே ஒவ்வொரு கட்டமாக வலப்பக்கம் நகர்கின்றன.

இடத் தொகுதி m, நடுத் தொகுதி n என்று வைத்து முழுக்கக் கூட்டினால் வரும் சூத்திரம்:

```
m²n² + mn² + 4mn + m² + 5m + 2
```

சிமுலேட்டர் காட்டும் நகர்வு எண்ணிக்கை இதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது விடையைப் பார்ப்பதைவிட நல்ல சோதனை. விடை சரியாக வந்து எண்ணிக்கை ஒன்றிரண்டு பிசகினால், எங்கோ ஒரு ஹெட் நிலையை வேறொரு விதி தற்செயலாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 10 × 10-க்கு 11,552 நகர்வு, 20 × 20-க்கு 1,70,102. இரண்டு எண்ணையும் இரட்டிப்பாக்கினால் வேலை கிட்டத்தட்ட பதினைந்து மடங்கு ஆகிறது.

பூஜ்யத்துக்குத் தனி விதி எழுதியதில்லை, ஆனாலும் ஓடும். `#111=` கொடுத்தால் `q0` நேராக `#` குறியைப் பார்த்து இரண்டே நகர்வில் நின்றுவிடும். `11#=` கொடுத்தால் `c0` உள்ளே நுழைந்ததும் `=` குறியைப் பார்த்து ஒன்றும் எழுதாமல் திரும்பும். ‘முதலில் ஒரு 1-ஐக் குறி, பிறகு இன்னும் இருக்கிறதா என்று பார்’ என்ற வரிசையில் எழுதியவர்களின் மெஷின் இங்கேதான் மாட்டும். சோதனை முன்னால், செயல் பின்னால் என்று இருக்க வேண்டும்.

இனி கம்பேர். பெருக்கலின் சரியான விடைக்கு அது தேவையே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வேகத்துக்கு அதில் வேலை இருக்கிறது. மேலே உள்ள சூத்திரத்தில் mn² என்ற உறுப்பு சமச்சீராக இல்லை. 2 × 100-க்கு 60,816 நகர்வு, 100 × 2-க்கு 51,702. பெரிய எண் இடப்பக்கம் இருந்தால் லாபம். எனவே பெருக்கத் தொடங்கும் முன் இரண்டு தொகுதியையும் ஒப்பிட்டு, வலது பெரியதாக இருந்தால் இடம் மாற்றிவிடலாம்.

ஒப்பிடுவது ஜோடி சேர்ப்பது. இடப்பக்கம் ஒரு 1-ஐ A என்று குறி, வலப்பக்கம் ஒரு 1-ஐ B என்று குறி, திரும்பி வா. எந்தப் பக்கம் முதலில் தீர்கிறது என்பதுதான் பதில். இடம் மாற்ற இரண்டு தொகுதியையும் தூக்கி வைக்க வேண்டியதில்லை. ஒற்றைக் குறி முறையில் மொத்த 1-களின் எண்ணிக்கை மாறப்போவதில்லை, நடுவில் உள்ள `#` குறியை வலப்பக்கம் தள்ளினால் போதும். ஜோடி கிடைக்காமல் எஞ்சிய ஒவ்வொரு 1-க்கும் `#` ஒரு கட்டம் நகரும்.

```
k0 1 A r k1
k0 # # r k4
k1 1 1 r k1
k1 # # r k2
k2 B B r k2
k2 1 B l k3
k2 = = l g
k3 B B l k3
k3 # # l k3
k3 1 1 l k3
k3 A A r k0
k4 B B r k4
k4 1 B l s1
k4 = = l g
s1 B B l s1
s1 # 1 r s2
s2 B # r k4
g B 1 l g
g # # l g
g 1 1 l g
g A 1 l g
g _ _ r q0
```

முழு மெஷினையும் `k0`-வில் தொடங்குங்கள். `11#111=` கொடுத்தால் இரண்டு ஜோடி சேர்ந்தபின் டேப் `AA#BB1=` என்று இருக்கும். `k0` இடப்பக்கம் தீர்ந்ததைக் கண்டு `k4`-க்கு விடுகிறது. `k4` எஞ்சிய 1-ஐ B ஆக்குகிறது, `s1` இடப்பக்கம் போய் `#` குறியை 1 ஆக்குகிறது, `s2` அடுத்த கட்டத்தில் புது `#` எழுதுகிறது. டேப் இப்போது `AA1#BB=`. `k4` மறுபடி வலப்பக்கம் போகிறது, எஞ்சியது எதுவும் இல்லை, `=` வந்துவிட்டது. `g` குறிகளையெல்லாம் 1 ஆக்கிக்கொண்டு இடக்கோடிக்கு வந்து `111#11=` என்ற டேப்பை `q0`-விடம் ஒப்படைக்கிறது.

`k2`-வில் `=` வந்தால் இடது பெரியது, `k4`-இல் எதுவும் எஞ்சாமல் `=` வந்தால் சமம் (அல்லது தள்ளி முடிந்தது). மூன்று வழியும் ஒரே `g`-யில் வந்து சேர்வது இந்த வேலைக்கு மட்டும் பொருந்தும், ஏனென்றால் பதில் ஏற்கெனவே டேப்பில் செயலாகிவிட்டது. ‘பெரியது, சிறியது, சமம்’ என்று மூன்று தனி வெளிவாயில் வேண்டும் என்றால் `g`-யை மூன்று பிரதி எடுக்க வேண்டும். சுத்தம் செய்துகொண்டு நடக்கும்போது கண்டுபிடித்த பதிலை நினைவில் வைத்துக்கொள்ள ஸ்டேட்டைத் தவிர வேறு இடம் இல்லை. ஒரே `g` வைத்துவிட்டு முடிவில் ‘எது பெரியது’ என்று கேட்டால் குறிகள் அழிந்துவிட்டன, பதிலும் போய்விட்டது.

A, B என்று இரண்டு வேறு குறி போட்டது அழகுக்காக இல்லை. இரண்டுக்கும் X போட்டுப் பாருங்கள்: `1#1=`, `11#1=`, `1#11=` மூன்றும் ஒழுங்காக ஓடும். `11#11=` கொடுத்தால் நின்றுவிடும். இரண்டாம் சுற்றில் `k3` இடப்பக்கம் வரும்போது `#` குறியைத் தாண்டும் முன்பே, வலத் தொகுதியின் முதல் X-ஐப் பார்த்து ‘வந்துவிட்டோம்’ என்று நினைத்து `k0` ஆகிவிடும். அங்கே `k0` படிப்பது இன்னொரு X, அதற்கு விதி இல்லை. ஆனால் பெருக்கல் மெஷினில் X-ம் Y-யும் ஒன்றாகவே இருந்திருந்தாலும் தப்பித்திருக்கும், ஏனென்றால் அங்கே திரும்பி வரும் ஹெட் எப்போதும் தன் பக்கத்துக் குறியைத்தான் முதலில் பார்க்கிறது. திரும்பும் வழியில் இன்னொரு தொகுதியின் குறியைக் கடக்க வேண்டியிருந்தால் வேறு குறி வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றே போதும்.

இந்த ஒப்பீட்டுக்கு ஆகும் செலவையும் பார்க்க வேண்டும். 2 × 100-க்கு ஒப்பிட்டு, `#` குறியை 98 கட்டம் தள்ளி, சுத்தம் செய்ய 808 நகர்வு. பெருக்கலில் மிச்சம் 9,114. நிகர லாபம் 8,306. ஆனால் 2 × 3-க்கு இதைப் போட்டால் நஷ்டம்: ஒப்பிட 32, அதன்பின் 3 × 2 பெருக்க 98, மொத்தம் 130. நேராகப் பெருக்கினால் 94 தான். சிறிய எண்களில் இடம் மாற்றுவதே தவறான திசை. (m−1)(n−1) ஆறைத் தாண்டினால்தான் பெரிய எண் இடப்பக்கம் இருப்பது லாபம். எண்கள் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தாலும் கம்பேர் வெறும் கூடுதல் நடை.

எண்ணிக்கையிலோ விடையிலோ பிசகு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது `c3`. Y-களை 1 ஆக மாற்றாமல் `#` வரை சும்மா நடந்துவந்தால் `1#111=` சரியாக வரும், `11#111=` இரண்டாம் காப்பியின் முதல் அடியிலேயே `XX#YYY=111` என்று நின்றுவிடும். நிற்பது நல்லது, பிழை தெரிந்துவிடும். ‘விதி இல்லை என்கிறதே’ என்று `c0 Y Y r c0` ஒன்றைச் சேர்த்து ஒட்டுப்போட்டால்தான் ஆபத்து. மெஷின் அமைதியாக ஓடி முடியும், பூஜ்யம் தவிர m எதுவாக இருந்தாலும் விடை n ஆகவே இருக்கும். சிமுலேட்டர் ‘விதி இல்லை’ என்று நிறுத்தினால் அங்கே ஒரு விதியைச் சேர்க்கும் முன், அந்தக் குறி அந்த நேரத்தில் அங்கே இருக்கலாமா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் கேள்வியின் மையத்துக்கு. இங்கே காப்பியை ஒரே இடத்திலிருந்து கூப்பிட்டதால் `c3 # # l q2` என்று நிரந்தரமாக எழுத முடிந்தது. இரண்டு இடத்திலிருந்து கூப்பிட வேண்டுமானால் இரண்டு வழி உண்டு. ஒன்று, காப்பியின் நான்கு ஸ்டேட்டையும் பத்து விதியையும் வேறு பெயரில் இன்னொரு பிரதி எடுப்பது. இரண்டாவது, திரும்பும் முகவரியை டேப்பிலேயே எழுதிவைப்பது. காப்பி வெளியேறும்போது கடைசியாகப் படிப்பது `#` குறியைத்தான். இரண்டாவதாகக் கூப்பிடும் ஸ்டேட் உள்ளே நுழையும் முன் அந்த `#` குறியை `@` என்று மாற்றிவிட்டுப் போகட்டும். காப்பிக்கு இப்படி ஒரே ஒரு விதியைச் சேர்த்தால் போதும்:

```
c3 @ # l r2
```

`#` கண்டால் `q2`-க்கு, `@` கண்டால் அதை `#` ஆகத் திருத்திவிட்டு `r2`-க்கு. இங்கே `r2` என்பது இரண்டாவதாகக் கூப்பிட்டவர் தொடர வேண்டிய ஸ்டேட். `c0`, `c1`, `c2` மூன்றும் இந்தக் கட்டத்தைத் தொடுவதே இல்லை என்பதால் அவற்றில் எதுவும் மாறாது. கூப்பிடும் இடங்கள் கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி என்று போகலாம். அவற்றின் எண்ணிக்கை மெஷின் எழுதும்போதே முடிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு சப்ரூட்டீன் தன்னையே எத்தனை ஆழத்துக்கும் கூப்பிட வேண்டும் என்றால் ஒரு கட்டம் போதாது. முகவரிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவைக்க டேப்பில் ஒரு தனிப் பகுதி ஒதுக்க வேண்டும், விடை வளரும் வலக்கோடியை விட்டுவிட்டு இடக்கோடியில்.